போர் மோட்டார் காய்ந்து ஓடாமல் காத்த கதை: மூன்று தடவை மாற்றி எழுதியது

மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. அதில் ஒரு போர், உள்ளே 5 எச்பி த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள். கோடையில் நாற்பது நிமிடம் ஓடினால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும், அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஊறவிட வேண்டும். விடாமல் ஓட்டினால் பம்பு காற்று வாங்கும். மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான் என்பதால், சூடேறிக் காயில் எரிந்துவிடும். ஒரு முறை எரிந்தது. ரீவைண்டிங், பைப்பு ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து பதினான்காயிரம் போனது. அதன் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது ஒரு கோடையைத் தாண்டிவிட்டது, எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் வடிவம்: எல்லாவற்றையும் மேலே அனுப்பு

பொருட்கள் எளியவை. ஒரு இஎஸ்பி32 போர்டு. கம்பியைச் சுற்றிக் கவ்வும் கரண்ட் சென்சார் ஒன்று, `SCT-013-030`. 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும். இணையத்துக்கு ஒரு 4ஜி வைஃபை டாங்கிள். வாடகை சர்வர் ஒன்றில், சாதனங்களின் செய்திகளை எம்கியூடிடி முறையில் வாங்கிக் கொடுக்கும் மஸ்கிட்டோ நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

சென்சாரை மாட்டியதும் பூஜ்யம் காட்டியது. மோட்டாருக்குப் போகும் கேபிளை மொத்தமாகக் கவ்வியிருந்தேன். மூன்று ஃபேஸின் கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும். ஸ்டார்ட்டரின் உள்ளே ஒரு ஃபேஸை மட்டும் பிரித்து மாட்டியதும் எண்கள் வந்தன. அடுத்த அரை நாள் இன்னொன்றில் போனது. 25ஆம் பின்னில் சென்சாரைக் கொடுத்திருந்தேன். மேஜையில் சரியாக வேலை செய்தது, வைஃபை இணைந்தவுடன் நின்றுபோனது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இந்தச் சிப்பில் இரண்டு, அதில் ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது. 34, 35 இரண்டும் ஏடிசி1, அங்கே மாற்றினேன்.

என் எண்ணம் இதுதான்: வினாடிக்கு ஒரு முறை கரண்டைப் படித்து மேலே அனுப்ப வேண்டும். சர்வரில் ஒரு சின்ன நிரல் கணக்குப் போட்டு, கரண்ட் குறைந்தால் ‘நிறுத்து’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். சாதனம் முட்டாளாக இருந்தால் போதும், மூளை மேலே இருக்கட்டும்.

வந்த எண்களைப் பார்த்தால் ஒரு வினாடி 4, அடுத்தது −11, அப்புறம் 0.6. ஏசி கரண்ட் வினாடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. நான் அந்த அலையில் எங்கேயோ ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். அனுப்பும் நேரம் சில மில்லிவினாடி முன்பின் ஆனாலே போதும், அலையில் வேறு இடம். சரி என்று சர்வரில் அறுபது எண்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து மூலம் கண்டேன். கையில் வைத்திருந்த கிளாம்ப் மீட்டரோடு ஓரளவு ஒத்துப்போனது, ஐந்து சதவீதம் இப்படி அப்படி. தற்செயலாகத் தொடும் புள்ளிகள் போதிய அளவு சேர்ந்தால் ஆர்எம்எஸ் வந்துவிடும். அதுதான் என்னை ஏமாற்றியது. முழுக்கத் தப்பாக வந்திருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பேன்.

ஒழுங்காகச் செய்ய வினாடிக்கு ஆயிரம் புள்ளி வேண்டும். ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு சென்சாருக்கு ஒரு நாளில் 172.8 எம்பி. தோப்பில் இரண்டு கோடு சிக்னல் இருந்தாலே பெரிய விஷயம். அப்படியே அனுப்பினாலும், மோட்டாரை நிறுத்தும் உத்தரவு அதே வழியில்தானே திரும்பி வர வேண்டும்? ஒரு மத்தியானம் சிக்னல் நாற்பது நிமிடம் போய்விட்டது. போர் காய்ந்தது அந்த நாற்பது நிமிடத்துக்குள். சர்வருக்கு விஷயமே தெரியாது. மாமா சத்தத்தைக் கேட்டு ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது: “மாப்ள, உங்க பொட்டி தூங்கிருச்சுங்க. மோட்டாரு சும்மா உறுமீட்டுக் கெடந்துச்சு.”

இரண்டாம் வடிவம்: கணக்கு தோப்பிலேயே

கணக்கையும் முடிவையும் போர்டுக்கே இறக்கினேன். எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று பெரிய பெயர் இருக்கிறது. எனக்கு அது இருநூறு புள்ளி எடுப்பது, அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. மில்லிவினாடிக்கு ஒரு புள்ளி வீதம் 200 எடுத்தால் சரியாகப் பத்துச் சுற்று. முழுச் சுற்றுகளாக எடுப்பது முக்கியம், பாதிச் சுற்று தொங்கினால் எண் ஆடும். இப்படி வினாடிக்கு நாலைந்து தடவை நல்ல ஆர்எம்எஸ் கையில் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சராசரியும் குறைந்தபட்சமும் மட்டும் மேலே போகும்.

கிளாம்ப் மீட்டரில் பார்த்தபோது தண்ணீர் இறைக்கையில் 8.9 ஆம்பியர், காய்ந்து ஓடுகையில் 6.1. நடுவில் 7.0 என்று கோடு போட்டேன். நாலு வினாடி தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் நிறுத்து. ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் பல மடங்கு எகிறும், அதனால் முதல் எட்டு வினாடியைக் கண்டுகொள்ளாதே.

நிறுத்துவதற்கு அறுபது ரூபாய் ரிலே மாட்யூலை ஸ்டார்ட்டரின் ஸ்டாப் பட்டனோடு தொடராகப் போடப் போனேன். எலக்ட்ரீசியன் அண்ணன் மாட்யூலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல 250 வோல்ட்னு போட்டிருக்கு தம்பி. நம்ம ஸ்டார்ட்டர் காயில் ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல உட்காந்திருக்கு, 415” என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் ஒரு சின்னக் கான்டாக்டர் வாங்கினோம். மாட்யூல் அதன் 230 வோல்ட் காயிலை இயக்கும். கான்டாக்டரின் மூடிய நிலைத் துணை முனை ஸ்டாப் வழியில் தொடராக நிற்கும். பெட்டி செத்தால் அந்த முனை மூடியே இருக்கும், மோட்டார் பழையபடி கையால் ஓடும். வேண்டுமென்றே அப்படி வைத்தேன். என் நிரலில் பிழை என்பதற்காகத் தென்னைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. 415 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் அவர்தான் மெயினை இறக்கிவிட்டுச் செய்தார். அதை நீங்களாகத் தொடாதீர்கள்.

பத்து நாள் நன்றாக ஓடியது, ஆறு தடவை சரியாக நிறுத்தியது. பதினோராம் நாள் சிக்னல் மறுபடி போனது. மறுபடி மோட்டார் காய்ந்து ஓடியது.

முடிவு எடுப்பது தோப்பில், சிக்னலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, சர்வரை நிறுத்திப் பார்த்தேன். அளவுகள் வரும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்று வரும், மறுபடி நிற்கும். நான் பயன்படுத்திய எம்கியூடிடி நூலகம் `PubSubClient`. இணைப்பு போனால் என் நிரல் அதன் `connect()`ஐ மறுபடி கூப்பிடும், அது பதிலுக்காக 15 வினாடி வரை அப்படியே நிற்கும். `MQTT_SOCKET_TIMEOUT` என்ற மாறிலி. நான் அளப்பதையும் அனுப்புவதையும் ஒரே `loop()`க்குள் எழுதியிருந்தேன். ஆக, முடிவெடுக்கும் வேலையை இங்கே கொண்டுவந்துவிட்டு, கழுத்தை மட்டும் சர்வரின் கையில் கொடுத்திருக்கிறேன். அது பதில் சொல்லும்வரை இவன் மூச்சு விட மாட்டான்.

மாற்றியது இப்படி. இந்தச் சிப்பில் இரண்டு கோர். அளந்து முடிவெடுத்து ரிலேவை இயக்கும் வேலை தனி டாஸ்க்காகக் கோர் 1இல். வைஃபை, எம்கியூடிடி எல்லாம் இன்னொரு டாஸ்க்காகக் கோர் 0இல். நடுவில் ஒரு வரிசை மட்டும். அளக்கும் பக்கம் சுருக்கத்தை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்:

```cpp
xTaskCreatePinnedToCore(measure, "m", 8192, NULL, 5, NULL, 1);
xTaskCreatePinnedToCore(uplink,  "u", 8192, NULL, 1, NULL, 0);
// measure() உள்ளே:
xQueueSend(q, &rec, 0);   // காத்திருப்பு 0
```

அந்த கடைசி `0` முக்கியம். வரிசை நிரம்பியிருந்தால் அந்தப் பதிவு போகட்டும், அளப்பது நிற்கக் கூடாது. `measure()` உள்ளே நெட்வொர்க் பற்றிய சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். இப்போது சோதிக்கும் முறையும் அதுவே: டாங்கிளைப் பிடுங்கிவிட்டு ரிலே நாலு வினாடியில் தட்டுகிறதா என்று பார்ப்பது.

ராத்திரி ஏறும் வோல்டேஜ்

இதற்குப் பிறகும் ஒரு முறை தவறியது. இரவு இரண்டரை மணி, சிக்னல் முழுசாக இருந்தது. மேலே வந்திருந்த ஐந்து நிமிடச் சுருக்கத்தில் கரண்ட் 8.6இல் இருந்து 7.3க்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தது. ஏழுக்குக் கீழே போகவில்லை, அதனால் ரிலே தட்டவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கரண்ட் போனதால் தப்பித்தது.

மறுநாள் இரவு தோப்பிலேயே தங்கி மீட்டரோடு உட்கார்ந்தேன். பகலில் ஃபேஸுக்கு 232 வோல்ட் இருந்தது நள்ளிரவில் 250க்கு ஏறியிருந்தது. சுமையில்லாத மோட்டார் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி இரும்பைக் காந்தமாக்கப் போவது. வோல்டேஜ் ஏறினால் அது ஏறும், இரும்பு நிறைவை நெருங்கினால் இன்னும் வேகமாக ஏறும். சுமையோடு ஓடும்போதோ வோல்டேஜ் ஏறினால் கரண்ட் கொஞ்சம் இறங்கும். பகலில் 8.9க்கும் 6.1க்கும் நடுவில் இருந்த இடைவெளி ராத்திரியில் 8.6க்கும் 7.3க்கும் என்று சுருங்கிவிட்டது. கோட்டை எட்டுக்கு ஏற்றினால் இப்போதைக்குத் தப்பிக்கலாம், வோல்டேஜ் இன்னும் ஏறினால் அதுவும் இடிக்கும்.

கரண்டை விட்டுவிட்டு வாட்டைப் பார்க்க வேண்டும். காந்தமாக்கும் கரண்ட் வாட்டில் அவ்வளவாக வராது. ஒரு `ZMPT101B` வோல்டேஜ் மாட்யூல் வாங்கி, அதே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இணைத்து, இரண்டையும் ஒன்றாகப் படித்தேன்:

```cpp
double sv=0, si=0, svi=0;
uint32_t t = micros();
for (int n = 0; n < 200; n++) {
  double v = analogReadMilliVolts(34);
  double i = analogReadMilliVolts(35);
  sv += v;  si += i;  svi += v * i;
  t += 1000;
  while ((int32_t)(micros() - t) < 0) {}
}
double P = KP * (svi/200 - (sv/200)*(si/200));
```

இரண்டு சென்சாரும் ஒன்றரை வோல்ட்டைச் சுற்றி ஆடுவதால், கடைசி வரியில் கழிப்பது அந்த நடுமட்டத்தை. `KP` என்பது வாட்டாக மாற்றும் எண். அறிந்த சுமை ஒன்றை, நான் 1500 வாட் ஹீட்டரை, இணைத்துக் கண்டுபிடித்தேன். வோல்டேஜைப் படித்து முடித்துக் கரண்டைப் படிப்பதற்குள் நூறு மைக்ரோவினாடி போல் ஆகிறது. 50 ஹெர்ட்ஸில் அது 1.8 டிகிரி தள்ளிப்போவது. மின்கட்டணம் கணக்கிட வேண்டுமென்றால் இதைத் திருத்தியாக வேண்டும். எனக்கு வேண்டியது ‘தண்ணீர் இருக்கிறதா’ என்ற கேள்விக்குப் பதில் மட்டும், அதனால் விட்டுவிட்டேன்.

பலன் இது. பகலில் தண்ணீரோடு ஒரு ஃபேஸுக்கு 1690 வாட், காய்ந்தால் 640. நள்ளிரவில் 1680, காய்ந்தால் 730. 1000 வாட்டில் கோடு. அதன் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை.

மறதி

நிறுத்திய பிறகு தொண்ணூறு நிமிடம் போர் ஊற வேண்டும், அதுவரை ரிலே விடக் கூடாது. தோப்பில் கரண்ட் அடிக்கடி போய்வரும். போய் வந்ததும் போர்டு புதிதாய்ப் பிறந்த குழந்தைபோல் எழும்: தொண்ணூறாவது நிமிடமாவது! அங்கே ஆட்டோ ஸ்டார்ட்டர் வேறு இருப்பதால் மோட்டாரும் உடனே கிளம்பிவிடும்.

நிறுத்திய நேரத்தை `Preferences` வழியாக ஃபிளாஷில் எழுதினேன். நிறுத்தும்போது மட்டும் ஒரு தடவை எழுதுவதால் ஃபிளாஷ் தேயாது. ஆனால் எழுந்தவுடன் ‘இப்போது மணி என்ன’ என்று தெரிய வேண்டுமே. இணையத்தில் கேட்பது பழைய பாவத்தையே திரும்பச் செய்வது. பேட்டரி வைத்த `DS3231` கடிகார மாட்யூலைச் சேர்த்தேன். மலிவான மாட்யூல்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு வழி இருக்கிறது. அது சார்ஜ் ஆகும் `LIR2032`க்கானது. சாதாரண `CR2032` போடுவதென்றால் அந்த டையோடையோ அதோடு இருக்கும் ரெசிஸ்டரையோ எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி உப்பும். நான் டையோடை எடுத்தேன்.

அதே கடிகாரம் இன்னொரு கோளாறையும் தீர்த்தது. சிக்னல் இல்லாதபோது ஐந்து நிமிடச் சுருக்கங்கள் `LittleFS` கோப்பில் சேரும், வந்ததும் மொத்தமாக மேலே போகும். ஒரு வரி நாற்பது பைட், ஒரு நாளைக்கு 288 வரி, பன்னிரண்டு கிலோபைட்டுக்குள். மூன்று மாதம் சிக்னல் இல்லாவிட்டாலும் இடம் இருக்கும். முதலில் சர்வர் தனக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது மணி நேரத்துச் செய்தி ஒரே நிமிடத்தில் வந்திறங்க, வரைபடத்தில் செங்குத்தாக ஒரு சுவர். இப்போது ஒவ்வொரு வரியிலும் தோப்பின் கடிகார நேரம்தான்.

டேட்டா செலவைப் பற்றி ஒரு சிரிப்பு. ஒரு நாளைக்கு 60 கிலோபைட் ஆகும் என்று கணக்குப் போட்டேன். டாங்கிள் பக்கத்தில் பார்த்தால் முக்கால் எம்பி. அந்த நூலகம் 15 வினாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. செய்தியைவிட நலம் விசாரிப்புக்கு அதிகம் போயிருக்கிறது. `setKeepAlive(120)` என்று மாற்றியதும் நூற்றைம்பது கிலோபைட்டுக்குள் இறங்கியது.

சுருக்கத்தில் தொலைந்தது

சராசரி மட்டும் அனுப்புவதில் ஒரு நஷ்டம் உண்டு: என்ன நடந்தது என்று பின்னால் பார்க்க முடியாது. அதனால் கடைசி அறுபது வினாடியின் வாட் எண்களை, வினாடிக்கு ஒன்றாக, ஒரு வட்ட வரிசையில் வைத்திருக்கிறேன். பழையது அழிந்து புதியது வரும். ரிலே தட்டும்போது மட்டும் அந்த அறுபதும் அப்படியே மேலே போகும். முதல் தடவை வந்ததில் கடைசிப் பத்து இவை:

```
1690 1650 1400 1610 1180 1520 640 650 640 640
```

இதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் சட்டென்று தீரவில்லை. முதலில் காற்றும் தண்ணீருமாகக் கலந்து வருகிறது, வாட் தள்ளாடுகிறது, அப்புறம்தான் விழுகிறது. ஐந்து நிமிடச் சராசரியில் இந்தத் தள்ளாட்டம் தெரியவே தெரியாது. மாமாவிடம் காட்டினேன். “அது இருமுறது மாப்ள. பைப்பு வாயில நின்னாக் கேக்கும்” என்றார். அவருக்குத் தெரிந்ததுதான், எனக்கு எண்ணாகக் கிடைக்க இவ்வளவு பாடு.

செலவு

இஎஸ்பி32 450, கரண்ட் சென்சார் 550, வோல்டேஜ் மாட்யூல் 180, கடிகாரம் 150, ரிலே 60, கான்டாக்டர் 750, 5 வோல்ட் சப்ளை 200, தண்ணீர் புகாத பெட்டி 380, டாங்கிள் 1600, கம்பி, கிளாண்ட் வகையறா 300. மொத்தம் 4620 ரூபாய். எலக்ட்ரீசியன் அண்ணன் கூலி தனி, அவர் டீயோடு முடித்துக்கொண்டார். கிளாண்ட் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் ஒரு ஓட்டையைத் திறந்தே விட்டேன், பல்லி குடியேறிவிட்டது.

அடுத்த தடவை செய்தால் வோல்டேஜ் சென்சாரை முதல் நாளே போடுவேன். 1000 வாட் என்று கோட்டைக் கையால் எழுதாமல், ஓடத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தின் வாட்டைப் போர்டே நினைவில் வைத்து அதன் அறுபது சதவீதத்தைக் கோடாக எடுத்துக்கொள்ளச் செய்வேன். அந்த இருமலை முன்கூட்டியே பிடிக்கவும் பார்க்கிறேன்: பத்து வினாடிக்குள் ஏற்ற இறக்கம் 200 வாட்டைத் தாண்டினால் நிறுத்து என்று எழுதி, ரிலேவைத் தொடாமல் பதிவு மட்டும் செய்ய விட்டிருக்கிறேன். இதுவரை பதினேழு தடவையில் பதினான்கு முறை ஆறேழு வினாடி முந்திக்கொண்டது. மீதி மூன்றில் போரில் தண்ணீர் இருந்திருக்கிறது, வோல்டேஜ்தான் குதித்திருக்கிறது. அந்த மூன்றையும் பிரிக்கத் தெரியும்வரை ரிலேவை அதன் கையில் கொடுக்கப்போவதில்லை.

மாமா போனில் வரும் வரைபடத்தை இதுவரை ஒரு முறைகூடத் திறக்கவில்லை. பெட்டிக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு வைக்கச் சொன்னார், வைத்தேன். எரிந்தால் போர் ஊறிக்கொண்டிருக்கிறது, அணைந்தால் மோட்டார் போடலாம். திண்ணையிலிருந்தே தெரிகிறது.